மேல் கப்போர்டு கதவுக்கு கேஸ் பம்ப்பா, ஸ்பிரிங் லிஃப்டா? தண்டையார்பேட்டையில ஒரே வீட்ல ரெண்டையும் போட்ட கணக்கு

தண்டையார்பேட்டையில ஒரு வீடு, கீழ அக்காவும் அவங்க வீட்டுக்காரரும், மாடியில பையனும் மருமகளும். ரெண்டு கிச்சனும் ஒரே அளவு, ரெண்டுக்கும் நான்தான் வேலை பாத்தேன். சிங்க்குக்கு மேல மூணடி அகலத்துக்கு ஒரு பாக்ஸ், அதுக்கு ரெண்டு கதவு போட்டு பக்கவாட்டுல தொறக்க வெச்சா ஒரு பக்கம் ஜன்னல்ல இடிக்குது, இன்னொரு பக்கம் பாத்திரம் கழுவுறவங்க மூஞ்சிக்கு நேரா நிக்குது, அதனால ரெண்டு வீட்டுக்குமே மேல தூக்குற ஒத்தை கதவுன்னு முடிவாச்சு. ஆனா கடைசியில கீழ கேஸ் பம்ப் போட்டேன், மாடியில ஸ்பிரிங் லிஃப்ட் போட்டேன். ஒரே பாக்ஸ், ஒரே கதவு, ஒரே எடை, அப்புறம் ஏன் வேற வேற சாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க, அதைத்தான் எழுதறேன்.

முதல்ல எது எதுன்னு சொல்லிடறேன். கேஸ் பம்ப்ங்கறது நம்ம ஊர்ல ஹைட்ராலிக்னு சொல்லி விக்கிறாங்களே அதுதான், உள்ள நைட்ரஜன் கேஸ் அடைச்ச ஒரு குழாய், அதுல இருந்து ஒரு கம்பி வெளிய வரும், கேஸ் அந்த கம்பியை எப்பவும் வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும். இது தூக்கத்தான் செய்யும், கதவைத் தாங்கிப் பிடிக்காது, அதனால கதவு மேல் பலகையில தொங்க தனியா ஹிஞ்ச் வேணும். ஸ்பிரிங் லிஃப்ட்ங்கறது பாக்ஸோட ரெண்டு பக்க பலகையிலயும் உக்கார்ற ஒரு பெட்டி மாதிரி, உள்ள கெட்டியான ஸ்பிரிங், அதுல இருந்து ஒரு கை வந்து கதவைப் பிடிச்சுக்கும். ப்ளம் கம்பெனியோட அவென்டோஸ் ஹெச்கே டாப் மாதிரி பெரிய மாடலுக்கு ஹிஞ்சே வேணாம், அந்த கையே கதவைத் தாங்கிக்கும். விலைன்னு பாத்தா கேஸ் பம்ப் ஜோடி சில நூறு ரூபாய்ல முடியும், ஸ்பிரிங் லிஃப்ட் ஒரு கதவுக்கே ஆயிரக்கணக்குல போகும். நடுவுல அந்தக் காலத்து இரும்பு ஸ்டே ஒண்ணு இருக்கு, தூக்கினா லாக் ஆகும், இறக்கணும்னா இன்னும் கொஞ்சம் தூக்கி விடணும், அது எடையைத் துளி கூட வாங்கிக்காது, அஞ்சு கிலோ கதவுக்கு அதைப் போடாதீங்க, அவ்ளோதான் அதைப் பத்தி.

கடைக்குப் போனா முதல் கேள்வியே எத்தனை நியூட்டன் வேணும்னுதான் கேப்பாங்க. 60, 80, 100, 120, 150ன்னு இருக்கும், பாரிமுனை பக்கம் எந்த ஹார்டுவேர் கடையில நின்னாலும் கூட நிக்கிறவர் "பெருசாவே வாங்கிட்டு போங்க, அப்பதான் தாங்கும்"னு சொல்லுவார். அந்தப் பேச்சைக் கேட்டு ஆரம்ப காலத்துல நானே ஒரு ரெண்டடி கதவுக்கு 150 ரெண்டு போட்டிருக்கேன். தொறந்தா படார்னு மேல போய் அடிக்கும், மூடணும்னா அந்த வீட்டம்மா ரெண்டு கையால தொங்க வேண்டியிருந்தது, சில மாசத்துல மேல் பலகையில இருந்து ஹிஞ்ச் ஸ்க்ரூ பிடுங்கிக்கிட்டு வந்துடுச்சு. அந்தக் கதவு மொத்தமே மூணரை கிலோதான். அந்த வேலையை என் காசுல திரும்ப செஞ்சு கொடுத்தேன், அதுல இருந்து எடை போடாம பம்ப் வாங்குறதே இல்ல.

எடை போடறது ஒண்ணும் பெரிய விஷயமில்ல. 18 எம்எம் ப்ளைவுட்ல ரெண்டு பக்கமும் மைக்கா ஒட்டின கதவு சதுர அடிக்கு ஏறக்குறைய 1.3 கிலோ வரும். அக்கா வீட்டு கதவு 36 இன்ச் அகலம், 16 இன்ச் உயரம், அதாவது சரியா நாலு சதுர அடி, 5.2 கிலோ. கைப்பிடி ஒரு நூறு கிராம், ஆக 5.3. இது கணக்கு, ஆனா ப்ளைவுட் கம்பெனிக்கு கம்பெனி கனம் மாறும், அதனால மைக்கா ஒட்டி எட்ஜ் அடிச்சு முடிச்ச கதவை நான் கையில தூக்கிக்கிட்டு எடை மெஷின்ல ஏறி நிப்பேன், அப்புறம் கதவு இல்லாம நிப்பேன், வித்தியாசம்தான் எடை. அதே அளவு கதவை மரநாரை அழுத்திச் செஞ்ச ஹெச்டிஹெச்எம்ஆர் பலகையில செஞ்சா சதுர அடிக்கு 1.6 கிட்ட போகும், நாலு சதுர அடிக்கு ஆறரை கிலோ. அலுமினிய ஃப்ரேம்ல நாலு எம்எம் கண்ணாடின்னா கண்ணாடி மட்டும் சதுர அடிக்கு முக்கா கிலோவுக்கு மேல, ஒரு கிலோவுக்குள்ள, ஃப்ரேம் தனி. பலகையை பாதியில மாத்தினீங்கன்னா பம்ப்பையும் மாத்தணும், இதை யாரும் சொல்றதில்ல.

இப்ப எடையை பம்ப்போட கோக்கணும். கதவு படுத்த மாதிரி நேரா நிக்கும்போதுதான் அதோட எடை முழுசா இழுக்கும். கதவோட எடை அதோட நடுவுல இருக்குன்னு வெச்சுக்கங்க, ஹிஞ்ச்ல இருந்து நடு வரைக்கும் எட்டு இன்ச், அதாவது 20 சென்டிமீட்டர். 5.3 கிலோவை 20ஆல பெருக்கினா 106. இது கதவு கீழ விழப் பாக்குற பலம். இதுக்கு எதிரா பம்ப் தள்ளுது, 10 நியூட்டன்னா ஏறக்குறைய ஒரு கிலோ, ஆக 100 நியூட்டன் பம்ப் பத்து கிலோ. ஆனா பம்ப் ஹிஞ்ச்க்கு ரொம்ப கிட்ட இருக்குறதால அதுக்கு கை நீளம் குறைவு. வழக்கமா நாம போடற இடத்துல, தொறந்த நிலையில பம்ப்போட நேர்கோட்டுக்கும் ஹிஞ்ச்க்கும் நடுவுல ஆறு சென்டிமீட்டர்தான் இருக்கும். அப்ப ரெண்டு 80 போட்டா 16 கிலோ, ஆறால பெருக்கினா 96. 106க்கு பத்தாது, கதவு மெதுவா கீழ சாயும். ரெண்டு 100 போட்டா 120, நிக்கும், மூடும்போது கைப்பிடியில கால் கிலோவுக்கு கொஞ்சம் மேல இழுத்தா போதும். ரெண்டு 120 போட்டா 144, ஒரு கிலோ இழுக்கணும். ரெண்டு 150 போட்டா 180, ரெண்டு கிலோ கிட்ட இழுக்கணும். ரெண்டு கிலோ என்ன பெரிய எடையான்னு தோணும், கையை தலைக்கு மேல முழுசா நீட்டி நுனி விரல்ல ரெண்டு கிலோ இழுத்துப் பாருங்க, தோள்பட்டை வலி இருக்கறவங்களுக்கு தெரியும். அதே கதவு ஹெச்டிஹெச்எம்ஆர்ல இருந்தா 6.5ஐ 20ஆல பெருக்கி 130, அப்ப 100 பம்ப் தோத்துடும், 120தான் வேணும்.

ரெண்டடிக்கு மேல அகலமான கதவுக்கு ஒரு பக்கம் மட்டும் பம்ப் போட்டு காசு மிச்சம் பிடிக்காதீங்க. பம்ப் இல்லாத மூலை தொங்கும், கதவு முறுக்கும், கொஞ்ச நாள்ல மூடின கதவோட அடி இடைவெளி ஒரு மூலையில ஒட்டியும் இன்னொரு மூலையில விட்டும் நிக்கும், அதைப் பாத்தாலே தெரிஞ்சிடும்.

எடை கணக்கு அக்காவுக்கும் மருமகளுக்கும் ஒண்ணுதான். முடிவை மாத்தினது எடை இல்ல, கதவு எத்தனை டிகிரி தொறக்குதுங்கறது. கடையில இதைக் கேக்குறவங்களே கிடையாது, நூத்துக்கு மேல தொறந்தா நல்லதுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க, நானும் அப்படித்தான் ரொம்ப நாள் நினைச்சேன்.

அக்கா வீட்ல மேடை 33 இன்ச், அதுக்கு மேல ரெண்டடி விட்டு பாக்ஸோட அடி, 145 சென்டிமீட்டர் உயரத்துல. பாக்ஸ் 40 சென்டிமீட்டர், ஆக ஹிஞ்ச் இருக்குற உயரம் 185. கதவு 90 டிகிரி தொறந்தா அதோட கீழ் நுனி, அதாவது கைப்பிடி இருக்குற பக்கம், ஹிஞ்ச் உயரத்துக்கே வந்து 185ல நிக்கும். 107 டிகிரி தொறந்தா அந்த நுனி இன்னும் 12 சென்டிமீட்டர் மேல ஏறி 197. 100ல நிறுத்தினா 192. 75ல நிறுத்தினா 175. 75க்கும் 107க்கும் நடுவுல 22 சென்டிமீட்டர் வித்தியாசம், கிட்டத்தட்ட ஒரு சாண்.

அக்கா நாலடி பதினோரு இன்ச். செவுத்துல நிக்க வெச்சு கையைத் தூக்கச் சொல்லி பென்சில்ல கோடு போட்டேன், விரல் நுனி 184. முன்னாடி யாரோ செஞ்ச பழைய கதவு நூத்தி பத்து தொறக்கும், அதைக் காட்டி சொன்னாங்க, "இது இன்னா தம்பி, தெறக்குறது நானு, மூடறதுக்கு அவரு வரணும், அவரு வேலைக்கு போயிட்டா சாயந்தரம் வரிக்கும் தெறந்தே கீது." ஸ்டூல் போட்டு ஏறி மூடப் போய் ஒரு தடவை ஈரத் தரையில சறுக்கியும் இருக்காங்க. இதெல்லாம் கேட்டதுக்கு அப்புறம் டிகிரியை சும்மா விட முடியுமா.

சரி அப்ப 75ல நிறுத்திடலாமேன்னா அக்கா வீட்டுக்காரர், அதாவது நம்ம அண்ணன், அஞ்சடி ஒம்பது இன்ச், 175. மேடை ஆழம் ரெண்டடி, பாக்ஸ் ஆழம் ஒரு அடி, அது மேல படுத்த கதவு 40 சென்டிமீட்டர், ஆக கதவோட நுனி மேடையைத் தாண்டி நாலு இன்ச் கிட்ட வெளிய நிக்கும், சரியா நிக்கிறவர் உச்சந்தலைக்கு. 75 டிகிரின்னா அவர் தலையும் கதவு நுனியும் ஒரே உயரம். செருப்பு போட்டா இடிக்கும். 85 டிகிரின்னா நுனி 181, அண்ணன் தலைக்கு மேல ஆறு சென்டிமீட்டர் இடம் இருக்கு, அக்கா விரலும் எட்டுது. அக்கா வீட்டுக்கு 80ல இருந்து 87 வரைக்கும்தான் சரிப்படும், அதுக்கு மேலயும் ஆகாது கீழயும் ஆகாது.

இப்ப ரெண்டு சாமானையும் பாருங்க. ஹெச்கே டாப்ல 107 முழுசு, ஒரு கிளிப் போட்டா 100, இன்னொரு கிளிப் போட்டா 75, இந்த மூணுதான். அக்காவுக்கு 75ல அண்ணன் தலை, 100ல அக்கா கை, ரெண்டுமே சரியா வரல. கேஸ் பம்ப்ல அப்படி இல்ல, பம்ப்போட பிராக்கெட்டை எங்க அடிக்கிறோமோ அதுதான் டிகிரி, 85 வேணும்னா 85. விலை கம்மியான சாமான்ல இந்த சௌகரியம் இருக்குங்கறதை நிறைய பேர் யோசிக்கிறதே இல்ல.

ஆனா ஸ்பிரிங் லிஃப்ட்டுக்கு ஒரு பெரிய பலம் இருக்கு, அதையும் மறைக்கக் கூடாது. அது பாதியில விட்டா பாதியில நிக்கும். 60ல விட்டா 60, 85ல விட்டா 85. கேஸ் பம்ப் அப்படி நிக்காது, ஒரு அளவு தாண்டிட்டா தானா மேல போயிடும், கைக்கு வேலையில்ல. அப்ப அக்கா 85ல கையை எடுத்துட்டா போதுமேன்னு பையன் கேட்டான், நல்ல கேள்விதான். ஆனா அந்த பாக்ஸை அக்கா மட்டும் தொறக்கல. அண்ணன் டீ போட வந்து முழுசா தள்ளிட்டு போனா அக்காவுக்கு மறுபடி பழைய கதைதான். அதோட அக்கா ஒரு கையில ஈரப் பாத்திரம் வெச்சுக்கிட்டு இன்னொரு கையால கதவை லேசா இழுத்து விடுவாங்க, மேல தானா போற கதவுதான் அவங்களுக்கு வசதி, ஸ்பிரிங் லிஃப்ட்ல கதவு எடையில்லாம மிதக்குமே தவிர நிக்க வேண்டிய இடம் வரைக்கும் கை கூடவே போகணும்.

மாடியில நிலைமை வேற. மருமகள் அஞ்சடி நாலு இன்ச், கை ரெண்டு மீட்டர் எட்டுது. பையன் அப்பாவை விட உயரம், ஆறடி. 85ல கதவு வெச்சா நுனி 181, பையன் நெத்தியில இடிக்கும். 100ல வெச்சா 192, பையனுக்கு மேல போயிடுது, மருமகளுக்கு நல்லாவே எட்டுது. ஆறு மாசக் குழந்தை தூங்குற வீடு, கதவு சத்தம் போடாம மூடணும்னு வேற கேட்டாங்க, ஸ்பிரிங் லிஃப்ட்ல மெதுவா மூடறது உள்ளயே இருக்கு. காசும் கொஞ்சம் போட முடிஞ்சது. அதனால மாடிக்கு ஹெச்கே டாப், 100 கிளிப்.

அதுக்கு எடை கணக்கு வேற மாதிரி, பயப்படாதீங்க, இன்னும் சுலபம். பாக்ஸோட உயரத்தை எம்எம்ல எழுதி கதவோட எடையால பெருக்கணும், கைப்பிடி எடையை மட்டும் ரெண்டு தடவை சேக்கணும், ஏன்னா அது நடுவுல இல்லாம நுனியில தொங்குது. 16 இன்ச்னா 406, கதவு 5.2, கைப்பிடி 0.1 ரெண்டு தடவை, ஆக 5.4. பெருக்கினா 2200 கிட்ட. இதுக்கு பவர் ஃபேக்டர்னு பேரு. 930ல இருந்து 2800 வரைக்கும் ஒரு செட், 1730ல இருந்து 5200 வரைக்கும் அடுத்த செட், 2200 ரெண்டுலயும் உக்காருது. நான் சின்ன செட்டைத்தான் எடுத்தேன், 2800 வரைக்கும் இடம் இருக்குறதால அப்புறமா கைப்பிடி பெருசா மாத்தினாலும் ஸ்க்ரூவைத் திருப்பி சரிபண்ணிக்கலாம். ஆனா கதவை ஹெச்டிஹெச்எம்ஆர்ல செஞ்சிருந்தா 2700ஐத் தொட்டிருக்கும், விளிம்புல போய் நிக்கக் கூடாதுன்னு அடுத்த செட்டுக்குப் போயிருப்பேன். மாட்டினதும் கதவை பாதியில விட்டுப் பாக்கணும், கீழ இறங்கினா ஸ்பிரிங்கை ஏத்தணும், மேல ஏறினா குறைக்கணும், ரெண்டு பக்கமும் சமமா திருப்பணும். நியூட்டன் பம்ப்ல இந்த ஸ்க்ரூ கிடையாது, தப்பா வாங்கினா வாங்கினதுதான்.

கீழ அக்காவுக்கு பம்ப் அடிச்ச விதத்தை கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா இதுலதான் நிறைய கார்பென்டர் அவசரப்படறாங்க. முதல்ல ஹிஞ்ச். 36 இன்ச் அகலத்துக்கு எடையைப் பாத்தா ரெண்டு போதும், ஆனா நடுவுல பலகை வளையும், நான் மூணு போட்டேன். ஹிஞ்ச் கையோட வளைவைத்தான் கிராங்க்னு சொல்லுவோம், கதவு பலகையை முழுசா மூடுதுன்னா 0 கிராங்க், உள்ள உக்கார்ற கதவுன்னா 16 கிராங்க், இது பக்கவாட்டு கதவுக்கு எப்படியோ அப்படியேதான். ஸ்பிரிங் இருக்குற ஹிஞ்ச்தான் வேணும். காரணம் இருக்கு: கதவு மூடி இருக்கும்போதும் பம்ப் உள்ள இருந்து லேசா வெளிய தள்ளிக்கிட்டேதான் இருக்கும், ஹிஞ்ச்ல ஸ்பிரிங் இல்லேன்னா கதவு அடியில ரெண்டு மூணு எம்எம் வாயைத் தொறந்துக்கிட்டு நிக்கும், பல்லி போற அளவுக்கு. அப்படி நின்னா பம்ப் பெருசுன்னு நினைச்சு மாத்திடாதீங்க, பாக்ஸ் பக்கம் இருக்குற பிராக்கெட்டை கதவுக்கு இன்னும் கிட்ட கொண்டு வாங்க, மூடின நிலையில தள்ளுறது குறைஞ்சிடும்.

அப்புறம் டிகிரி. கதவு பக்கம் பிராக்கெட்டை ஹிஞ்ச்ல இருந்து ஆறரை சென்டிமீட்டர் தள்ளி அடிச்சேன். கதவை 85ல தூக்கி ஒரு குச்சியை முட்டுக் கொடுத்து நிறுத்தினேன், டிகிரி பாக்க போன்ல லெவல் ஆப் போதும். பம்ப்பை முழுசா நீட்டின நிலையில ஒரு நுனியை கதவுல மாட்டி, இன்னொரு நுனி பக்கப் பலகையில எங்க விழுதுன்னு பாத்து, மேல இருந்து ஏறக்குறைய 21, முன்னால இருந்து மூணு சென்டிமீட்டர்ல புள்ளி வெச்சேன். உடனே அடிச்சிடக் கூடாது. கதவை மூடின மாதிரி வெச்சு அந்த ரெண்டு புள்ளிக்கும் நடுவுல அளக்கணும், பம்ப் முழுசா உள்ள போனா எவ்ளோ நீளமோ அதைவிட அஞ்சு எம்எம்மாவது அதிகமா இருக்கணும். கம்மியா இருந்தா கதவு மூடறதுக்கு முன்னாடியே பம்ப் தட்டிக்கும், மூடறவங்க அழுத்துவாங்க, பிராக்கெட் ஸ்க்ரூ வெளிய வரும்.

இன்னொண்ணு, கதவை நிறுத்துறது பம்ப்பா இருக்கணும், ஹிஞ்ச்சா இருக்கக் கூடாது. ஹிஞ்ச் 110 வரைக்கும் போகும், பம்ப் 85ல நீண்டு முடிஞ்சு நின்னுடுது, இது சரி. சில பேர் தடிமனான கதவுக்கு போடற 95 டிகிரி ஹிஞ்ச்சை கையில இருக்குன்னு மாட்டிடறாங்க, பம்ப்பை நூறுக்கு அடிச்சிடறாங்க, அப்ப ஒவ்வொரு தடவை தொறக்கும்போதும் பம்ப் தள்ள தள்ள ஹிஞ்ச் முட்டி நிக்கும், அந்த அடி முழுக்க மேல் பலகை ஸ்க்ரூ வாங்கும். தொறந்த நிலையில கதவை கையால இன்னும் லேசா மேல தூக்கிப் பாருங்க. கொஞ்சம் கூட அசையாம கல்லு மாதிரி இருந்து, பம்ப் கம்பியில இன்னும் மிச்சம் உள்ள இருந்தா, உங்க வீட்ல ஹிஞ்ச்தான் அடி வாங்குது.

கம்பி எந்தப் பக்கம்னு ஒண்ணு இருக்கு. மெல்லிசு கம்பி கீழயும் தடி குழாய் மேலயும் வர்ற மாதிரி மாட்டணும். உள்ள கொஞ்சம் எண்ணெய் இருக்கு, கம்பி கீழ இருந்தாத்தான் அந்த எண்ணெய் சீல் மேல நின்னு அதைக் காய விடாது. தலைகீழா மாட்டினா சீல் காஞ்சு கேஸ் போயிடும், முதல்ல தெரியாது, கொஞ்ச மாசம் கழிச்சு கதவு அரை நிமிஷம் நின்னு மெதுவா இறங்க ஆரம்பிக்கும். அதே மாதிரி நம்ம பக்கத்து காத்து. காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டை எல்லாம் கடல் காத்து நேரா அடிக்கிற இடம், அந்த பளபளன்னு இருக்குற கம்பியில ஒரு புள்ளி துரு பிடிச்சாலும் போச்சு, ஒவ்வொரு தடவையும் அந்தப் புள்ளி சீலை ரம்பம் மாதிரி அறுக்கும். ஹிஞ்ச் 304 ஸ்டீல்ல கிடைக்குது, கொஞ்சம் காசு அதிகம், கடலுக்கு இவ்ளோ கிட்ட இருக்கறவங்க அதையே வாங்குங்க. கம்பியை மாசத்துக்கு ஒரு தடவை காஞ்ச துணியால தொடைச்சா போதும், தாளிச்ச எண்ணெய் புகை படிஞ்சு அதுல உப்பு ஒட்டிக்கிறதுதான் துருவுக்கு ஆரம்பம். வெயில் காலத்துல பம்ப் கொஞ்சம் முரட்டுத்தனமா தள்ளும், சூட்டுல கேஸ் அழுத்தம் ஏறும், 20 டிகிரியில 100 இருக்கறது 40 டிகிரி கிச்சன்ல 107 கிட்ட வரும், அது ஒண்ணும் கோளாறு இல்ல. 100க்கும் 120க்கும் நடுவுல இழுபறியா கணக்கு வந்தா நம்ம ஊருக்கு சின்னதையே எடுக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

மடிஞ்சு தூக்குற ரெண்டு பலகை கதவைப் பத்தி மாடியில கேட்டாங்க. 24 இன்ச்சுக்கு மேல உயரமான பாக்ஸுன்னா அது நல்ல யோசனை, பாதியா மடியறதால தலைக்கு மேல அவ்ளோ வெளிய நீட்டாது. 16 இன்ச் பாக்ஸுக்கு அதைப் போட்டா நடுவுல ஒரு கோடும் கூடுதல் ஹிஞ்ச்சும்தான் மிச்சம், வேணாம்னு சொல்லிட்டேன்.

அக்காவுக்கு கூரையை ஒட்டி இருக்குற பரண் கதவும் இதே மாதிரி தூக்குறதா வேணும்னு ஆசை, பாக்க ஒண்ணு போல இருக்கும்னு. அது மட்டும் முடியாதுன்னு நின்னேன். அங்க ஹிஞ்ச் கூரைக்கு ரெண்டு இன்ச் கீழ, 90க்கு மேல தொறந்தா நுனி சுண்ணாம்புல போய் குத்தும், தொறந்ததை மூட வீட்ல யார் கையும் எட்டாது, ஸ்டூல் மேல நிக்கிறவங்க தலைக்கு நேரா பலகை வந்து நிக்கும். அதுக்கு பக்கவாட்டுல தொறக்குற ரெண்டு கதவு, சாதாரண ஹிஞ்ச். மாடியிலயும் அதேதான், ஆனா அங்க நான் கவனிக்காம விட்டது ஒண்ணு: கீழ் கதவு 100ல நிக்கும்போது நுனி ஏழு சென்டிமீட்டர் பரண் கதவுக்கு முன்னால ஏறி நிக்குது, அந்த நேரத்துல பரண் கதவைத் தொறந்தா அதோட அடி இதுல உரசும். ரெண்டாவது வாரமே எட்ஜ் பட்டை ஒரு இடத்துல பேந்து வந்துடுச்சு. பரண் கதவோட கைப்பிடியை இன்னும் மேல ஏத்தி, அடிக்கு ஒரு எட்டு சென்டிமீட்டர் நிலையான பட்டி போட்டு, கதவை அந்த அளவுக்கு சின்னதாக்கி கொடுத்தேன், இப்ப உரசல. கீழ அக்கா வீட்ல 85ங்கறதால இந்தப் பிரச்சனையே வரல.